நியூயார்க்கை விட்டு நகராத டாலர்

திருப்பூரில் உள்ள ஒரு பின்னலாடை நிறுவனம் ஹாம்பர்க் வணிகர் ஒருவருக்கு டி-ஷர்ட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பில் தொகை ஒரு லட்சம் டாலர். வாங்குகிறவரிடம் இருப்பது யூரோ. விற்கிறவருக்கு வேண்டியது ரூபாய்; சனிக்கிழமைச் சம்பளம், நூல் மில் பாக்கி, சாயப்பட்டறைக் கூலி எல்லாம் ரூபாயில்தான். இரண்டு பேருமே டாலர் நோட்டைக் கண்ணால் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் பில் டாலரில் போடப்படுகிறது, டாலரில் பணம் கட்டப்படுகிறது, சில நாட்களில் திருப்பூர்க் கணக்கில் ரூபாய் வரவாகிறது.

நடுவில் அந்த டாலர் எந்த வழியாக வந்தது? யாரைக் கேட்டாலும் "ஸ்விஃப்ட்டில் வந்தது" என்பார்கள். அது பாதிப் பதில்தான். 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள் 1973-ல் சேர்ந்து பெல்ஜியத்தில் அமைத்த ஸ்விஃப்ட், வங்கிகளுக்கு இடையே செய்திகளைக் கொண்டுபோகும் ஓர் அமைப்பு. அதன் கையில் ஒரு காசும் இருப்பதில்லை. தபால்காரர் மணியார்டர் படிவத்தை மட்டும் சுமந்துவந்து நிற்கிறார். பணப்பை அவரிடம் இல்லை.

முழுப் பதில் கொஞ்சம் விசித்திரமானது. அந்த டாலர் எங்கேயும் வரவில்லை. அது நியூயார்க்கில் இருந்தது, இப்போதும் நியூயார்க்கிலேயே இருக்கிறது. அங்கே சில பேரேடுகளில் பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவே.

இதைப் புரிந்துகொள்ள, வங்கியில் இருக்கும் பணம் என்றால் என்ன என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். சேமிப்புக் கணக்கில் இருக்கும் பத்தாயிரம் ரூபாய் பெட்டகத்தில் தனிக் கட்டாக இருப்பதில்லை. அது வங்கி தன் பேரேட்டில் எழுதி வைத்திருக்கும் ஒரு கடன்: "இவருக்கு நாம் பத்தாயிரம் தரவேண்டும்." டாலரும் அப்படியே. வங்கிக் கணக்கில் உள்ள டாலர் என்பது ஏதோ ஓர் அமெரிக்க வங்கியின் பேரேட்டில் உள்ள வரி. அந்த அமெரிக்க வங்கி தன் பங்குக்கு அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வில் கணக்கு வைத்திருக்கிறது. ஆக, ஓர் இந்திய வங்கி டாலர் வைத்திருக்க வேண்டுமானால், சாதாரண வாடிக்கையாளரைப் போல அமெரிக்க வங்கி ஒன்றில் போய்க் கணக்குத் தொடங்கத்தான் வேண்டும்.

அந்தக் கணக்கை இந்திய வங்கி "நாஸ்ட்ரோ" என்கிறது; இத்தாலியத்தில் "நம்முடையது" என்று பொருள். அதே கணக்கை அமெரிக்க வங்கி "வாஸ்ட்ரோ", அதாவது "உங்களுடையது" என்கிறது. கணக்கு ஒன்றுதான், எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. இப்படி வெளிநாட்டு வங்கிக்காகக் கணக்கு வைத்து, அதன் சார்பில் பணம் வாங்கிக் கொடுக்கும் வங்கிதான் தொடர்பு வங்கி. வங்கிக்காரர்கள் பேச்சில் கரஸ்பாண்டென்ட்.

இது தமிழ் வணிகத்துக்குப் புதிதல்ல. பர்மா, இலங்கை, மலாயா என்று கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் உண்டியல் எழுதியே கடல் தாண்டிப் பணம் அனுப்பினார்கள். ரங்கூனில் கட்டிய பணத்துக்கு எழுதப்பட்ட உண்டியலுக்குச் சென்னையிலோ செட்டிநாட்டிலோ பணம் கொடுக்கப்பட்டது. கடைகள் தங்களுக்குள் வரவு செலவை ஏடுகளில் நேர்செய்துகொண்டன. நாணயப் பெட்டி கப்பலேற வேண்டிய தேவை வெகு அரிதாகவே வந்தது.

இனி அந்த ஒரு லட்சம் டாலரைப் பின்தொடர்வோம்.

திருப்பூர் நிறுவனம் தன் பில்லின் அடியில் நாலைந்து வரி அச்சிட்டிருக்கும். தன் வங்கியின் பெயர், அதன் ஸ்விஃப்ட் குறியீடு, தன் கணக்கு எண் ஆகியவற்றோடு இன்னொரு வரியும் இருக்கும்: நியூயார்க்கில் உள்ள ஒரு வங்கியின் பெயரும், அங்கே இந்திய வங்கிக்கு உள்ள கணக்கின் எண்ணும். பல ஏற்றுமதியாளர்கள் இந்த வரியை ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்துப் பழைய பில்லிலிருந்து அப்படியே நகலெடுப்பார்கள். உண்மையில் பணம் போய்ச் சேரும் முகவரியே அதுதான். வங்கி தன் தொடர்பு வங்கியை மாற்றிய பிறகும் பில்லில் பழைய வரி நின்றுவிட்டால், பணம் மூடிய கதவைத் தட்டிவிட்டுத் திரும்பும்.

ஹாம்பர்க் வணிகர் தன் வங்கியிடம் பில்லைக் கொடுக்கிறார். அவருடைய வங்கி அன்றைய விலைப்படி அவர் கணக்கிலிருந்து யூரோவைக் கழித்துக்கொண்டு, ஒரு லட்சம் டாலர் அனுப்ப ஒப்புக்கொள்கிறது. அந்த ஜெர்மன் வங்கியிடமும் டாலர் ஹாம்பர்க்கில் இல்லை. அதற்கும் நியூயார்க்கில் ஒரு நாஸ்ட்ரோ இருக்கிறது. அது இருக்கும் வங்கியை நியூயார்க்கின் முதல் வங்கி என்போம். திருப்பூர்க்காரரின் வங்கிக்குக் கணக்கு இருப்பது இரண்டாவது வங்கியில்.

இப்போது ஜெர்மன் வங்கி முதல் வங்கிக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. பல ஆண்டுகள் அந்தச் செய்தியின் பெயர் MT103 என்று இருந்தது. புதிய வடிவத்தில் அது pacs.008. அதன் சாரம் எளியது: "எங்கள் கணக்கிலிருந்து ஒரு லட்சம் டாலர் கழித்துக்கொள்ளுங்கள், இரண்டாவது வங்கியில் இந்த இந்திய வங்கிக்கு உள்ள கணக்கில் சேருங்கள், இறுதியாகப் பெறுபவர் திருப்பூரில் உள்ள இன்னார்." முதல் வங்கி தன் பேரேட்டில் ஜெர்மன் வங்கியின் இருப்பைக் குறைக்கிறது. இரண்டாவது வங்கி தன் பேரேட்டில் இந்திய வங்கியின் இருப்பைக் கூட்டுகிறது.

ஆனால் இரண்டாவது வங்கி சும்மா கூட்டிவிடாது. அதற்கு முதல் வங்கியிடமிருந்து பணம் வரவேண்டும். இங்கேதான் அமெரிக்காவின் உள்நாட்டுக் குழாய்கள் வேலை செய்கின்றன. ஒன்று ஃபெட்வயர். ஃபெடரல் ரிசர்வ் நடத்தும் இந்த அமைப்பில், முதல் வங்கியின் மத்திய வங்கிக் கணக்கிலிருந்து கழித்து இரண்டாவது வங்கியின் கணக்கில் அந்த நொடியே சேர்த்துவிடுவார்கள். மற்றொன்று சிப்ஸ். பெரிய வங்கிகள் சேர்ந்து 1970 முதல் நடத்திவரும் இது, நாள் முழுவதும் குவியும் எதிரெதிர்ப் பணங்களை ஒன்றோடொன்று கழித்து, மிஞ்சுவதற்கு மட்டுமே உண்மையான பணத்தைக் கேட்கும். எல்லைகளைத் தாண்டும் டாலர்களில் பெரும்பகுதி சிப்ஸ் வழியாகவே போகிறது. இரண்டு வெளிநாட்டு வங்கிகளுக்கும் நியூயார்க்கில் ஒரே வங்கியில் கணக்கு இருந்துவிட்டால் இந்தக் குழாய்களும் தேவையில்லை. அந்த வங்கி தன் பேரேட்டில் ஒரு வரியில் கழித்து இன்னொரு வரியில் கூட்டினால் வேலை முடிந்தது.

ஜெர்மனிக்கும் இந்தியாவுக்கும் இடையிலான வியாபாரம் ஏன் அமெரிக்கச் சட்டத்தின் பார்வைக்குள் வருகிறது என்ற கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது. பொருளோ ஆட்களோ அமெரிக்காவைத் தொடாவிட்டாலும் பணம் நியூயார்க் பேரேடுகளில்தான் கைமாறுகிறது. பெறுபவரின் பெயர் தடைப் பட்டியலில் உள்ள ஒரு பெயரை ஒத்திருந்தாலே அங்கே பணம் நின்றுவிடும். விளக்கம் கேட்டு ஒரு செய்தி வரும். பதில் போகும்வரை அந்தப் பணம் யாருக்கும் இல்லை.

வழியில் உள்ள வங்கிகள் கூலியும் எடுத்துக்கொள்கின்றன. கட்டணத்தை அனுப்புபவர் முழுவதும் ஏற்பதா, இருவரும் பகிர்வதா, பெறுபவரே ஏற்பதா என்பதை OUR, SHA, BEN என்ற மூன்று குறிகளில் ஒன்று செய்தியில் சொல்லும். பகிர்வதாக இருந்தால் இடைப்பட்ட வங்கி தன் கட்டணத்தைத் தொகையிலேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பலாம். ஒரு லட்சம் எதிர்பார்த்தவருக்கு 99,970 வந்துசேர்வது இதனால்தான். முப்பது டாலருக்காகச் சண்டைபோட யாருக்கும் நேரமில்லை. மாதம் நாற்பது பில் போடுகிற நிறுவனத்தின் கணக்குப்பிள்ளைக்கு மட்டும் இது தீராத தலைவலி.

இன்னொரு வழியும் உண்டு. ஜெர்மன் வங்கி பணம் பற்றிய செய்தியை நேரடியாக இந்திய வங்கிக்கே அனுப்பிவிட்டு, பணத்தை மட்டும் நியூயார்க் வழியாகத் தனிச் செய்தியில் அனுப்பலாம். அப்போது செய்தி முதலில் வரும், பணம் பிறகு வரும். ஏற்றுமதி ஊர்களில் அடிக்கடி நடக்கும் ஒரு வாக்குவாதத்தின் வேர் இதுதான். வாங்குபவர் ஸ்விஃப்ட் நகலை வாட்ஸப்பில் அனுப்பிவிடுகிறார். ஏற்றுமதியாளர் அதைத் தூக்கிக்கொண்டு வங்கிக்குப் போகிறார். மேலாளர் கணினியைப் பார்த்துவிட்டு, "சார், நாஸ்ட்ரோவில் இன்னும் விழவில்லை" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஒருவர் கையில் இருப்பது செய்தி. மற்றவர் தேடுவது பேரேட்டு வரி.

மேலாளர் தேடும் அந்த வரி எங்கே இருக்கிறது? அது நியூயார்க்கில் இருக்கிறது. அவர் முன்னால் இருப்பது அதன் பிரதி மட்டுமே. மளிகைக் கடையில் பற்று வைத்திருக்கும் வீடுகளில் இரண்டு நோட்டு இருக்கும்: ஒன்று கடைக்காரரிடம், மற்றொன்று வீட்டில். ஒரே கொடுக்கல் வாங்கலை இருவரும் தனித்தனியே எழுதுவார்கள். ஒருவருக்கு வரவாக இருப்பது மற்றவருக்குப் பற்றாக இருக்கும். மாதக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்ப்பார்கள். வங்கிகளும் அதையே செய்கின்றன. நாஸ்ட்ரோவில் என்ன நடந்திருக்க வேண்டும் என்று இந்திய வங்கி தன் புத்தகத்தில் எழுதி வைப்பதற்கு மிரர் கணக்கு என்று பெயர். கண்ணாடிக் கணக்கு எனலாம். நியூயார்க் வங்கி ஒவ்வொரு நாளும் தன் பேரேட்டின் நகலை, MT950 அல்லது MT940 என்ற அறிக்கையாக அனுப்புகிறது. இரண்டையும் ஒத்துப்பார்ப்பது, அதாவது ரீகன்சிலியேஷன், தொடர்பு வங்கித் தொழிலின் உயிர்நாடி.

ஒத்துப்போகாத வரிகள் நான்கு வகையாகத்தான் இருக்க முடியும். நாம் வரவென்று எழுதியிருப்போம், அவர்கள் எழுதியிருக்க மாட்டார்கள். பணம் இன்னும் வழியில் இருக்கலாம். நாம் கொடுத்ததாக எழுதியிருப்போம், அவர்கள் கழித்திருக்க மாட்டார்கள். அவர்கள் வரவு வைத்திருப்பார்கள், நமக்கு அது யாருக்கு வந்த பணம் என்றே தெரியாது. நான்காவதுதான் வயிற்றைக் கலக்குவது: அவர்கள் நம் கணக்கிலிருந்து கழித்திருப்பார்கள், நம் புத்தகத்தில் அப்படி ஓர் உத்தரவே இருக்காது.

அந்த நான்காவது வகையை வங்கதேச மத்திய வங்கி 2016 பிப்ரவரியில் சந்தித்தது. அதன் டாலர் சேமிப்பின் ஒரு பகுதி நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்தது. டாக்காவைப் பொறுத்தவரை அது ஒரு நாஸ்ட்ரோ. கணினிக்குள் புகுந்த திருடர்கள் பிப்ரவரி 4, வியாழன் இரவு, வங்கதேச வங்கியின் பெயரிலேயே 35 ஸ்விஃப்ட் உத்தரவுகளை அனுப்பினார்கள். மொத்தம் சுமார் 95 கோடி டாலர். வடிவத்தில் எல்லாமே முறையான செய்திகள். அவற்றில் ஐந்தை நியூயார்க் நிறைவேற்றியது: நான்கின் வழியே 8.1 கோடி டாலர் மணிலாவுக்கும், ஒன்றின் வழியே 2 கோடி டாலர் கொழும்பில் ஒரு வங்கிக்கும் போயின. கொழும்புக்குப் போனது பெறுபவர் பெயரில் இருந்த எழுத்துப் பிழையால் வழியில் சந்தேகத்துக்கு உள்ளாகி மீட்கப்பட்டது. மணிலாவுக்குப் போனதில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் கரைந்தது.

திருட்டைவிடக் கவனிக்க வேண்டியது, திருடர்கள் எதை முதலில் முடக்கினார்கள் என்பது. டாக்கா அலுவலகத்தில் ஸ்விஃப்ட் செய்திகளைத் தானாக அச்சடித்துக்கொண்டே இருக்கும் ஒரு பிரிண்டர் இருந்தது. திருடர்களின் நிரல் அதைச் செயலிழக்க வைத்தது. வெள்ளிக்கிழமை வங்கதேசத்தில் வார விடுமுறை. வந்திருந்த சிலர் பிரிண்டர் பழுது என்று நினைத்தார்கள். அதைச் சரிசெய்து, நியூயார்க்கிலிருந்து வந்திருந்த கேள்விகளைப் படிக்கும்போது சனிக்கிழமை ஆகிவிட்டது. அமெரிக்காவில் வார விடுமுறை. திங்கட்கிழமை மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. பணத்தின் மூலப் பேரேடு கடல் தாண்டி இருக்கும்போது, உரிமையாளருக்கு அதைப் பற்றித் தெரியும் ஒரே வழி அந்த அறிக்கைதான். அதை நாலு நாள் மறைத்தால் போதும் என்று திருடர்கள் சரியாகவே கணக்குப் போட்டிருந்தார்கள்.

திருப்பூருக்குத் திரும்புவோம். நியூயார்க்கில் புதன்கிழமை பிற்பகல் விழுந்த டாலரை இந்திய வங்கி வியாழன் காலை அறிக்கையில் பார்க்கிறது. கழிவு எதுவும் இல்லாமல் ஒரு லட்சம் முழுதாக வந்ததாகவும், கணக்கு எளிதாக இருக்க டாலருக்கு 85 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஏற்றுமதியாளரின் கணக்கில் 85 லட்சம் ரூபாய் வரவாகிறது. இந்த ரூபாய் எங்கிருந்து வந்தது?

அது நியூயார்க்கிலிருந்து வரவில்லை. வங்கி தன்னிடம் ஏற்கெனவே இருந்த ரூபாயைக் கொடுத்து ஏற்றுமதியாளரின் டாலரை விலைக்கு வாங்கிக்கொண்டது. டாலர் ரூபாயாக "மாறியது" என்று சொல்வது பேச்சு வழக்கு. எதுவும் எதுவாகவும் மாறவில்லை. இரண்டு நாணயங்களும் தத்தம் ஊரிலேயே இருக்க, உரிமை மட்டும் எதிரெதிராகக் கைமாறியிருக்கிறது: மும்பைப் பக்கத்துப் பேரேட்டில் ரூபாய் வங்கியிடமிருந்து வாடிக்கையாளருக்கு, நியூயார்க்கில் இருந்த டாலர் வாடிக்கையாளரிடமிருந்து வங்கிக்கு. ஏற்றுமதியாளர் டாலரை விற்காமல் தன் அந்நியச் செலாவணிக் கணக்கில் டாலராகவே வைத்திருக்கலாம். அப்போதும் அது திருப்பூர்க் கிளைக்கு வராது. கிளையின் புத்தகத்தில் அவர் பெயருக்கு டாலர் கடன் எழுதப்படும். அதற்கு ஈடான உண்மையான டாலர் வங்கியின் நாஸ்ட்ரோவிலோ, வங்கி அதை முதலீடு செய்த வேறு இடத்திலோ இருக்கும்.

வாங்கிய டாலரை வங்கி அப்படியே வைத்துக்கொண்டால் விலை இறங்கும்போது நஷ்டம். அதனால் மும்பையில் உள்ள கருவூலப் பிரிவு, பல கிளைகளில் வாங்கியதையும் விற்றதையும் சேர்த்துப் பார்த்து, மிச்சத்தை வேறொரு வங்கிக்கு விற்றுவிடும். கச்சா எண்ணெய் இறக்குமதிக்கு டாலர் தேடும் வாடிக்கையாளரைக் கொண்ட வங்கியாக அது இருக்கலாம். நாஸ்ட்ரோவில் எப்போதும் கொஞ்சம் இருப்பு வைத்திருந்தே ஆகவேண்டும்; அதிகம் வைத்தால் பணம் சரியான வட்டியில்லாமல் தூங்கும், குறைந்தால் நியூயார்க் வங்கி மிகைப்பற்று வட்டி போடும். நாளை எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று கணிப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். வருமென்று நம்பிய ஒரு பெரிய தொகை ஒரு நாள் தாமதமானால் அவர்கள் கணிப்பு கவிழ்ந்துவிடும்.

வங்கிக்கும் வங்கிக்கும் இடையிலான இந்த விற்பனையில் ஒரு பழைய ஆபத்து பதுங்கியிருக்கிறது. ரூபாய் மும்பையில் கைமாறுகிறது, டாலர் நியூயார்க்கில் கைமாறுகிறது. இரண்டு ஊர்களின் கடிகாரமும் வேறு. மும்பையில் வேலைநாள் முடிந்த பிறகும் நியூயார்க்கில் வேலைநாள் நீண்டுகொண்டிருக்கும். ரூபாயைக் கொடுத்தவர், டாலர் வரும்வரை பல மணி நேரம் நம்பிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார். நடுவில் எதிராளி மூழ்கிவிட்டால்?

1974 ஜூன் 26 அன்று அதுதான் நடந்தது. கொலோன் நகரத்தின் ஹெர்ஷ்டாட் வங்கி அந்நியச் செலாவணிச் சூதில் பெரும் நஷ்டம் அடைந்திருந்தது. ஜெர்மன் அதிகாரிகள் அதன் உரிமத்தைப் பறித்து மூடினார்கள். தங்கள் கணக்கில் அவர்கள் பண்பாகவே நடந்துகொண்டார்கள்; ஜெர்மனியில் அன்றைய வங்கிகளுக்கிடையிலான பணப்பட்டுவாடா முடியும்வரை காத்திருந்து, பிற்பகல் மூன்றரை மணிக்கு மூடினார்கள். ஆனால் அப்போது நியூயார்க்கில் காலை பத்தரை. ஹெர்ஷ்டாட்டிடம் டாலர் வாங்க ஒப்பந்தம் செய்திருந்த வங்கிகள், அன்று ஜெர்மனியில் மார்க் பணத்தைத் திரும்பப் பெற முடியாதபடி கட்டி முடித்திருந்தன. பதிலுக்கு வரவேண்டிய டாலர், நியூயார்க்கின் சேஸ் மன்ஹாட்டன் வங்கியில் இருந்த ஹெர்ஷ்டாட்டின் நாஸ்ட்ரோவிலிருந்து வெளியேற வேண்டும். செய்தி கேட்ட சேஸ் அந்தக் கணக்கிலிருந்து போகும் பணத்தை நிறுத்தியது. மார்க் போயிற்று, டாலர் வரவில்லை. அதிர்ச்சியில் நியூயார்க் வங்கிகள் ஒன்றையொன்று நம்ப மறுத்து, தாங்கள் கொடுக்க வேண்டிய பணத்தையும் பிடித்துவைத்துக்கொண்டன.

ஒரு நாணயத்தைக் கொடுத்துவிட்டு மற்றது வருவதற்குக் காத்திருக்கும் இந்த இடைவெளி இன்றும் ஹெர்ஷ்டாட் அபாயம் என்றே அழைக்கப்படுகிறது. அந்த ஆண்டின் இறுதியில் வங்கிக் கண்காணிப்புக்கான பாசல் குழு தோன்ற இந்த வீழ்ச்சியும் ஒரு காரணம். ஆனால் ஓட்டையை அடைக்க இன்னும் 28 ஆண்டுகள் பிடித்தன. 2002 செப்டம்பரில் சி.எல்.எஸ். என்ற நிறுவனம் வேலையைத் தொடங்கியது. அது பல மத்திய வங்கிகளில் தானே கணக்கு வைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்துப் பணமும் கிடைத்தால் மட்டுமே இரண்டையும் ஒரே நேரத்தில் கைமாற்றுகிறது. ஒரு பக்கம் வராவிட்டால் மறுபக்கம் போகாது. இப்போது 18 நாணயங்கள் அதில் உள்ளன.

ரூபாய் அதில் இல்லை. மூலதனக் கட்டுப்பாடுகள் உள்ள ஒரு நாணயத்தை அந்த வட்டத்துக்குள் கொண்டுவருவது எளிதல்ல. இந்தியா தனக்கென வேறு ஏற்பாடு செய்துகொண்டது. மும்பையில் உள்ள சி.சி.ஐ.எல். நிறுவனம் 2002 நவம்பர் முதல் வங்கிகளுக்கிடையிலான ரூபாய்-டாலர் ஒப்பந்தங்களின் நடுவில் நின்று, விற்பவருக்கு வாங்குபவராகவும் வாங்குபவருக்கு விற்பவராகவும் ஆகிவிடுகிறது. நாள் முழுவதும் நடந்த ஒப்பந்தங்களை ஒன்றோடொன்று கழித்து, ஒவ்வொரு வங்கியும் தரவேண்டிய நிகர ரூபாயை ரிசர்வ் வங்கிக் கணக்கு வழியாகவும், நிகர டாலரை நியூயார்க்கில் உள்ள கணக்கு வழியாகவும் தீர்க்கிறது. ஒரு வங்கி கைவிரித்தால் உறுப்பினர்களிடமிருந்து முன்கூட்டியே வாங்கிவைத்த ஈட்டுத்தொகை கைகொடுக்கும். திருப்பூரில் வாங்கிய டாலர் ஒரு எண்ணெய் இறக்குமதியாளரின் வங்கியிடம் போய்ச் சேர்வது இப்படித்தான்: மூன்று நான்கு நியூயார்க் பேரேடுகளில் சில வரிகள்.

இதுவரை பார்த்ததெல்லாம் இந்திய வங்கி பிறர் வீட்டில் வைத்திருக்கும் கணக்கு. எதிர்த் திசையிலும் உண்டு. வெளிநாட்டு வங்கிகள் இந்தியாவில் ரூபாய்க் கணக்கு வைத்திருக்கின்றன. இந்திய வங்கிக்கு அவை வாஸ்ட்ரோ. 2022 ஜூலை 11 அன்று ரிசர்வ் வங்கி இதில் ஒரு புது வகையை அனுமதித்தது: சிறப்பு ரூபாய் வாஸ்ட்ரோ கணக்கு. உக்ரைன் போர் தொடங்கிய பின் ரஷ்யாவின் முக்கிய வங்கிகள் சில ஸ்விஃப்ட்டிலிருந்து நீக்கப்பட்டிருந்தன. டாலர், யூரோ பேரேடுகளில் ரஷ்ய மத்திய வங்கிக்கு இருந்த பெரும் சேமிப்பு முடக்கப்பட்டிருந்தது. நியூயார்க்கைத் தொடாமல் வியாபாரம் செய்ய ஒரு வழி தேவைப்பட்டது.

ஏற்பாடு கேட்பதற்கு அழகானது. ரஷ்ய வங்கி ஒன்று இந்திய வங்கியில் ரூபாய்க் கணக்கு தொடங்கும். ரஷ்யப் பொருளை வாங்கும் இந்தியர் அந்தக் கணக்கில் ரூபாய் கட்டுவார். மாஸ்கோவில் அந்த வங்கி தன் வாடிக்கையாளருக்கு ரூபிள் கொடுக்கும். ரஷ்யர் ஒருவர் இந்திய மருந்தோ தேயிலையோ வாங்கினால் அதே கணக்கிலிருந்து இந்திய ஏற்றுமதியாளருக்கு ரூபாய் கொடுக்கப்படும். நாஸ்ட்ரோ-வாஸ்ட்ரோ இயந்திரம் அதேதான். நியூயார்க் இருந்த இடத்தில் மும்பை உட்கார்ந்திருக்கிறது. ரூபாய் இந்தியாவை விட்டு நகராது.

இயந்திரம் பழுதில்லாமல் ஓடியது. சிக்கல் கணக்கில் வந்தது. 2022-23 நிதியாண்டில் இந்தியா ரஷ்யாவிடமிருந்து சுமார் 4,600 கோடி டாலர் மதிப்புக்கு, பெரும்பாலும் எண்ணெய், வாங்கியது. விற்றதோ 300 கோடி டாலரை ஒட்டித்தான். ரஷ்ய எண்ணெய் முழுவதற்கும் ரூபாயில் பணம் தரப்படவில்லை. திர்ஹம் போன்ற வேறு நாணயங்களும் புழங்கின. இருந்தும் ரூபாயில் வந்த பகுதியே வாஸ்ட்ரோ கணக்குகளில் தேங்கத் தொடங்கியது. 2023 மே மாதம் கோவாவில் நடந்த ஒரு மாநாட்டுக்கு வந்திருந்த ரஷ்ய வெளியுறவு அமைச்சர் செர்கேய் லாவ்ரோவ், இந்திய வங்கிகளில் பல நூறு கோடிக் கணக்கில் ரூபாய் சேர்ந்திருப்பதாகவும், அதைப் பயன்படுத்த வேண்டுமானால் வேறொரு நாணயத்துக்கு மாற்ற வேண்டும் என்றும் வெளிப்படையாகவே சொன்னார்.

டாலர் நாஸ்ட்ரோவில் இப்படித் தேங்குவதில்லையே, ஏன்? நியூயார்க்கில் டாலர் மிஞ்சினால் அதை வாங்கிக்கொள்ள உலகில் யாராவது எப்போதும் இருக்கிறார்கள். ஜெர்மன் வங்கியிடம் மிஞ்சும் டாலர் ஜப்பானிய வங்கிக்குப் பயன்படும். இந்தியாவில் மிஞ்சிய ரூபாயை மூன்றாவது நாட்டு வங்கி வாங்கிக்கொள்ள வேண்டுமானால் அதற்கு இந்தியாவில் செலவு இருக்க வேண்டும்; கட்டுப்பாடுகள் உள்ள ஒரு நாணயத்துக்கு அப்படிப்பட்ட கூட்டம் சிறியது. கணக்கில் இருப்பு ஏறிக்கொண்டே போவதை ரஷ்ய வங்கியின் மிரர் புத்தகம் தினமும் துல்லியமாகக் காட்டியிருக்கும். ஒத்துப்பார்த்ததில் ஒரு பைசா வித்தியாசம் இருந்திருக்காது. வாங்குவதற்குத்தான் போதிய பொருள் இல்லை.

மிச்ச ரூபாயை இந்திய அரசின் கடன் பத்திரங்களில் போடலாம் என்று 2022-ன் சுற்றறிக்கையே இடம் கொடுத்திருந்தது. 2025 ஆகஸ்டில் வந்த இன்னொரு சுற்றறிக்கை, இந்தக் கணக்குகளின் உபரி முழுவதையும் மத்திய அரசுப் பத்திரங்களில் முதலீடு செய்யலாம் என்று தெளிவாக்கியது. அந்தப் பத்திரங்களுக்கு வரும் வட்டியும் ரூபாயில்தான் கொடுக்கப்படுகிறது.